தலை-வால் காவிப் படங்களைத் திருத்தும்போது திசையையும் பருமனையும் தனித்தனியாகப் பார்ப்பது எப்படி?

தலை-வால் முறையில் வரைந்த ஒரு காவிப் படத்தைக் கையில் எடுத்தால் கண் நேராகப் போய் நிற்பது கடைசியாக வரைந்த நீள அம்பில்தான். அதுதான் விளையுள். சரியான விடை 327° என்று நமக்குத் தெரியும். மாணவர் 325° என்று எழுதியிருக்கிறார். பென்சில் முனை தடிப்பாக இருந்திருக்கும், பாகைமானி கொஞ்சம் அசைந்திருக்கும், இரண்டு பாகைதானே என்று சரி போட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டிவிடுவோம். ஆனால் அந்த 325° முழுப் பிழையான படத்திலிருந்தும் வரலாம். கீழே அப்படி ஒரு தாளை விரித்துக் காட்டுகிறேன்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உயர்தரப் பௌதிகவியல் வகுப்புகளுக்கு டியூட் திருத்த இப்போதுதான் சேர்ந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். காவி, கூறு, சைன், கோசைன் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. தானாகக் கணக்குச் செய்யத் தெரிவது ஒன்று, இன்னொருவர் வரைந்த படத்தில் எந்த இடத்தில் பிசகியது என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. இரண்டாவதற்குத் தனி ஒழுங்கு வேண்டும்.

கணக்கு

ஒரு படகு கொழும்புத் துறைமுக வாயிலிலிருந்து புறப்படுகிறது. முதலில் நேர் மேற்கே 4.0 கி.மீ. போகிறது. அப்புறம் 330° திசைகோளில் 6.0 கி.மீ. கடைசியாக 060° திசைகோளில் 3.0 கி.மீ. மொத்த இடப்பெயர்ச்சியின் பருமன் என்ன, திசை என்ன? அளவிடைப் படம் வரைந்து காண்க, கூறுகளால் சரிபார்க்க.

திசைகோள் என்றால் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் கோணம். 330° என்பது வடக்கிலிருந்து மேற்குப் பக்கமாக 30° சாய்ந்த கோடு. 060° என்பது வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக 60°. நீரோட்டம், காற்று எதையும் இந்தக் கணக்கில் எடுக்கவில்லை.

அளவிடை 1 செ.மீ. = 0.5 கி.மீ. என்று வைத்தால் அம்புகள் 8, 12, 6 செ.மீ. நீளத்தில் வரும், ஒரு A4 தாளில் வசதியாக அடங்கும். 1 செ.மீ. = 1 கி.மீ. என்று சின்னதாக வரைந்த தாள்களும் வரும். அது பிழையில்லை. ஆனால் அங்கே அதே ஒரு மில்லிமீற்றர் தவறு விடையில் இரட்டிப்பாகத் தெரியும்.

தாளைத் திறக்கும் முன் தலைகளின் இடத்தைக் கணித்து வையுங்கள்

புதிதாகத் திருத்த வருபவர்கள் இறுதி விடையை மட்டும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள்: 8.0 கி.மீ., 327°. அது போதாது. ஒவ்வொரு அம்பின் தலையும் தாளில் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதையும் செ.மீ. கணக்கில் எழுதி வையுங்கள். சில நிமிட வேலைதான், ஆனால் திருத்தும் நேரம் முழுவதும் உதவும்.

திசைகோள் வடக்கிலிருந்து அளக்கப்படுவதால் வடக்குக் கூறுக்குக் கோசைன், கிழக்குக் கூறுக்குச் சைன். கிழக்கையும் வடக்கையும் நேர்க்குறியாக எடுங்கள். மேற்கு மறைக்குறி.

```
அம்பு 1:  கிழக்கு = -4.0              வடக்கு = 0
அம்பு 2:  கிழக்கு = -6 sin 30 = -3.0   வடக்கு = 6 cos 30 = 5.2
அம்பு 3:  கிழக்கு = 3 sin 60 = 2.6     வடக்கு = 3 cos 60 = 1.5
மொத்தம்: கிழக்கு = -4.4              வடக்கு = 6.7
```

இவை கி.மீ. அளவுகள். படத்தில் எல்லாம் இரட்டிப்பாகும். துறைமுகத்தை ஆரம்பப் புள்ளியாக வைத்தால் முதல் தலை மேற்கே 8.0 செ.மீ. தள்ளி, அதே மட்டத்தில் இருக்கும். இரண்டாவது தலை மேற்கே 14.0, வடக்கே 10.4. மூன்றாவது தலை மேற்கே 8.8, வடக்கே 13.4. இந்த மூன்று சோடி எண்கள்தான் உங்கள் கையிருப்பு.

விளையுளின் பருமன் 4.4, 6.7 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 8.0 கி.மீ., படத்தில் 16.0 செ.மீ. திசைக்கு 4.4 ஐ 6.7 ஆல் வகுத்தால் 0.657. அந்தத் தாஞ்சனுக்குரிய கோணம் 33.3°. வடக்கிலிருந்து மேற்குப் பக்கமாக 33.3°, ஆகவே திசைகோள் 326.7°, அதாவது 327°.

முதல் பார்வை அம்புத் தலைகளுக்கு

அடிமட்டத்தை எடுக்கும் முன் படத்தில் விரலை வைத்து நடந்து பாருங்கள். துறைமுகத்தில் தொடங்கி, முதல் அம்பின் தலைக்கு, அங்கிருந்து இரண்டாவதின் தலைக்கு, அப்புறம் மூன்றாவதின் தலைக்கு. எங்கும் விரல் அம்புக்கு எதிராகப் போகக் கூடாது. எங்கும் தாவக் கூடாது. ஒவ்வொரு அம்பின் வாலும் முந்தியதன் தலையில் ஒட்டியிருக்க வேண்டும்.

விளையுள் மட்டும் வேறு மாதிரி. அதன் வால் துறைமுகத்தில், முதல் அம்பின் வாலோடு சேர்ந்திருக்கும். அதன் தலை மூன்றாவது அம்பின் தலையோடு சேர்ந்திருக்கும். ஆகவே படத்தில் ஒரு தலை-தலைச் சந்திப்பும் ஒரு வால்-வால் சந்திப்பும் கட்டாயம் இருக்கும், இரண்டும் விளையுளின் இரு முனைகளில். பலகோணியைச் சுற்றி எல்லா அம்பும் ஒரே சுற்றில் ஓடினால் விளையுள் தலைகீழாக வரையப்பட்டிருக்கிறது. அப்படி வரைந்தவர் 16.0 செ.மீ. என்று சரியாகத்தான் அளப்பார், 8.0 கி.மீ. என்று சரியாகத்தான் எழுதுவார். திசை மட்டும் 147° ஆகிவிடும். அது படகு திரும்பித் துறைமுகத்துக்கு வர வேண்டிய காவி. விசைகளில் இதுவே சமநிலைக்குக் கொண்டுவரும் விசை. விளையுள் விசைக்குச் சமனும் எதிருமானது.

பருமன் சரி, திசை முழுதும் எதிர் என்று வந்தால் வேறெங்கும் தேடாமல் இந்த அம்புத் தலையைப் பாருங்கள்.

வால்-வால் பிழையும் இந்த நடையிலேயே பிடிபடும். சிலர் முதல் இரண்டு அம்பையும் துறைமுகத்திலிருந்தே வரைந்து, இரண்டின் தலைகளையும் ஒரு கோட்டால் இணைத்து அதைக் கூட்டுத்தொகை என்று எடுப்பார்கள். அந்தக் கோடு வித்தியாசம், கூட்டுத்தொகை இல்லை. எண்ணில் பார்த்தால் முதல் இரண்டு இடப்பெயர்ச்சிகளின் கூட்டுத்தொகை 8.7 கி.மீ. அந்த இணைப்புக் கோடு வெறும் 5.3 கி.மீ. தான்.

இங்கே கணிக்காமலே பிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு காவிகளின் வால்களை ஒன்றாக வைத்தால் இடையிலுள்ள கோணம் என்ன? 270° க்கும் 330° க்கும் இடையில் 60°, கூர்ங்கோணம். கூர்ங்கோணமாயின் கூட்டுத்தொகை அதே நீளங்களைச் செங்கோணத்தில் வைத்தால் வரும் செம்பக்கத்தை விட நீளமாகத்தான் இருக்கும். 4, 6 இரண்டுக்கும் அந்தச் செம்பக்கம் 7.2. ஆகவே 5.3 வரவே முடியாது. ஆனால் கவனம்: தலை-வால் படத்தில் மூலையில் கண்ணுக்குத் தெரியும் உட்கோணம் 60° இல்லை, 120°. மாணவர்கள் அந்த 120° ஐப் பார்த்து, 'விரிகோணம், அதனால் விளையுள் குறையும்' என்று தலைகீழாக முடிவெடுப்பார்கள். கோசைன் சூத்திரம் பாவித்தவர்களும் இதே இடத்தில்தான் விழுவார்கள். முக்கோணியின் உட்கோணம் 120° என்றால் சூத்திரத்தில் கழித்தல் குறி, காவிகளுக்கிடையிலான கோணம் 60° என்றால் கூட்டல் குறி. கழித்தல் குறியையும் 60° ஐயும் சேர்த்துப் போட்டால் மறுபடியும் அதே 5.3 வரும்.

இப்போது அந்தத் தாள்

நான் சொன்ன 325° தாளுக்கு வருவோம். படம் சுத்தமாக இருக்கிறது. கூர்மையான பென்சில், அளவிடை எழுதப்பட்டிருக்கிறது, அம்புத் தலைகள் எல்லாம் சரியான பக்கம். விரல் நடையில் ஒரு குறையும் இல்லை. விளையுள் 19.1 செ.மீ., ஆகவே 9.5 கி.மீ., திசைகோள் 325°. கீழே கூறுகளால் கணித்து 8.0 கி.மீ., 327° என்று எழுதி, 'வித்தியாசம் வரைதல் வழுவால் ஏற்பட்டது' என்று ஒரு வரி.

இந்த வரியை ஏற்றுக்கொள்ளலாமா? வரைதல் வழு எவ்வளவு வர முடியும் என்று பார்ப்போம். அடிமட்டத்தில் வைக்கும் நீளத்தில் அரை மில்லிமீற்றர் போகலாம். பாகைமானியில் ஒரு பாகை பிசகினால் 12 செ.மீ. அம்பின் தலை 2 மி.மீ. விலகும், 6 செ.மீ. அம்பின் தலை 1 மி.மீ. விலகும். எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தாலும் கடைசித் தலை ஏறத்தாழ 4 மி.மீ. தான் தள்ளிப் போகும். இந்தத் தாளில் விளையுளின் நீளம் மட்டுமே 3.1 செ.மீ. கூடியிருக்கிறது. அது வழு இல்லை, பிழை.

திசை மட்டும் பார்த்திருந்தால் இது தப்பியிருக்கும். இரண்டு பாகை வித்தியாசம் ஏற்கத்தக்க எல்லைக்குள்தான் இருக்கிறது.

சரி, பிழை எங்கே? இறுதி அம்பை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது சொல்லாது. இங்கேதான் முன்பே எழுதி வைத்த தலைகளின் இடம் கைகொடுக்கும். துறைமுகத்திலிருந்து ஒரு கிழக்கு-மேற்குக் கோட்டை மெல்லியதாக நீட்டுங்கள், மூலைமட்டத்தை அதில் நிறுத்தி ஒவ்வொரு தலையையும் அளவுங்கள். வரைபுத்தாளில் வரைந்திருந்தால் இன்னும் சுலபம், கட்டங்களை எண்ணினால் போதும்.

முதல் தலை மேற்கே 8.0. சரி. இரண்டாவது தலை மேற்கே 14.0, வடக்கே 10.4. அதுவும் சரி. மூன்றாவது தலை மேற்கே 11.0, வடக்கே 15.6. இருக்க வேண்டியது 8.8, 13.4. ஆக, மூன்றாவது அம்பில்தான் சிக்கல். அதன் நீளம் 6.0 செ.மீ. சரியாகவே இருக்கிறது. திசையைப் பாருங்கள்: இரண்டாவது தலையிலிருந்து மூன்றாவது தலைக்குக் கிழக்கே 3.0, வடக்கே 5.2. அது 030° திசைகோள். 060° இல்லை.

எப்படி 030° வந்தது? இரண்டாவது அம்பின் தலையில் பாகைமானியை வைக்கும்போது அதன் பூச்சியக் கோட்டை வடக்கே வைக்காமல் இரண்டாவது அம்பின் நீட்சியில் வைத்திருக்கிறார். 330° ஓடு 60° ஐக் கூட்டினால் 390°, அதாவது 030°. இதை உறுதிசெய்யத் தாளை வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். இரண்டாவது அம்பு அதன் தலையைத் தாண்டி மெல்லிய கோடாக நீண்டு, அழித்த தடம் தெரியும். இரண்டாவது மூலையில் வடக்குக் கோடு இருக்காது. முதல் மூலையில் மட்டும் இருக்கும்.

இந்தப் பிழை ஏன் இவ்வளவு நன்றாக ஒளிந்துகொள்கிறது? மூன்றாவது அம்பைச் சுழற்றியதில் அதன் தலை வடமேற்குப் பக்கமாக நகர்ந்தது, விளையுளும் கிட்டத்தட்ட அதே பக்கம் பார்த்தே இருக்கிறது. அதனால் விளையுள் நீண்டது, திரும்பவில்லை. பிழையின் நகர்வு விளையுளின் போக்கிலேயே இருந்தால் பருமனில் மட்டும் தெரியும். விளையுளுக்குக் குறுக்கே இருந்தால் திசையில் மட்டும் தெரியும். ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டுவிட்டால் பாதிப் பிழைகள் நம் கையை விட்டு நழுவும்.

இந்தத் தாளுக்குரியவர் திருத்தத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கக்கூடிய கேள்வியும் அதுதான்.

"சேர், திசை சரியாத்தானே வந்திருக்கு, ரெண்டு பாகைதானே வித்தியாசம்?"

"தம்பி, திசை தற்செயலா ஒத்துப்போயிருக்கு. ரெண்டாவது மூலையில வடக்குக் கோடு எங்க? அதைப் போட்டிட்டு அறுபது பாகையைத் திரும்ப அளந்து பாரும்."

நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு தலையிலும் புதிதாக ஒரு வடக்குக் கோடு, அப்புறம்தான் பாகைமானி. அந்தக் கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும், மூலைமட்டத்தை அடிமட்டத்தில் வழுக்கி வரைந்தால் அது தானாக வரும்.

கூறுகளின் கணக்கையும் நம்பிவிட வேண்டாம்

படத்தைக் கூறுகளோடு ஒப்பிடும்போது கூறுகள்தான் சரி, படம்தான் பிழை என்ற எண்ணம் நமக்குள் இருக்கும். அடிக்கடி அது மாறியே இருக்கும். உயர்தர மாணவர்கள் பரீட்சை மண்டபத்துக்குக் கல்குலேட்டர் கொண்டு போக முடியாததால் வகுப்பிலும் அட்டவணையைப் பார்த்தே கணிப்பார்கள். அட்டவணை நேர்க்குறிக் கோணத்தை மட்டும் தரும், எந்தக் காற்பகுதி என்று சொல்லாது. வீட்டில் கல்குலேட்டரில் செய்பவர்களுக்கு வேறு பொறி: 6.7 ஐ −4.4 ஆல் வகுத்து எதிர்த் தாஞ்சன் எடுத்தால் திரையில் −56.7 என்று வரும். அதைக் கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாக 56.7° என்று வாசித்தால் திசைகோள் 147°. அந்தத் திசையில் துறைமுகத்திலிருந்து 8 கி.மீ. போனால் படகு நாரஹேன்பிட்டிப் பக்கம் தரையில் நிற்கும். கடல் மேற்கே இருக்கிறது என்பது கொழும்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கணக்கை முடித்த கையோடு அந்த விடை எந்த இடத்தில் போய் விழுகிறது என்று யோசிக்கப் பழக்க வேண்டும்.

தலைகீழ் அம்பும் இதே 147° ஐத்தான் தரும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே 147° என்ற எண்ணை மட்டும் வைத்து மாணவர் எங்கே பிசகினார் என்று சொல்ல முடியாது. படத்தில் அம்பு சரியாக இருந்து கணக்கில் மட்டும் 147° வந்தால் காற்பகுதிப் பிழை. இரண்டிலும் 147° என்றால் அம்பைப் பாருங்கள். படத்தில் தலைகீழாக வரைந்துவிட்டு, அதோடு ஒத்துப்போகட்டும் என்று கணக்கின் குறியை மாற்றியவர்களும் உண்டு.

சைனையும் கோசைனையும் மாற்றிப் போடுவது அடுத்தது. கணித வகுப்பில் கிடை அச்சிலிருந்து கோணம் அளந்து பழகியவர்கள் திசைகோளிலும் கிழக்குக் கூறுக்குக் கோசைன் போடுவார்கள். அப்படிச் செய்தால் இரண்டாவது அம்பு மேற்கே 5.2, வடக்கே 3.0 என்று வரும். மூன்றாவது கிழக்கே 1.5, வடக்கே 2.6. இதைப் படத்தைப் பார்த்தே சொல்லலாம். இரண்டாவது அம்பு வடக்கோடு ஒட்டிச் சாய்ந்து நிற்கிறது, அதன் வடக்குக் கூறுதான் பெரிதாக இருக்க வேண்டும். எழுதியிருப்பதில் மேற்குக் கூறு பெரிதாக இருந்தால் மாற்றிப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு அம்புக்கும் இப்படி 'எது பெரிது' என்று ஒரு கண் பார்த்தால் போதும்.

இந்தப் பிழையோடு மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்: மேற்கே 7.7, வடக்கே 5.6. பருமன் 9.5 கி.மீ.

அதே 9.5! பாகைமானியை அம்பின் நீட்சியில் வைத்த படமும் 9.5 தந்தது, சைனும் கோசைனும் மாறிய கணக்கும் 9.5 தருகிறது. ஒரே மாணவர் இரண்டு பிழையையும் விட்டிருந்தால் அவர் தாளில் படமும் கணக்கும் பருமனில் ஒத்துப்போகும், 'சரிபார்க்கப்பட்டது' என்று நம்பிக்கையோடு எழுதியும் இருப்பார். பிரித்துக் காட்டுவது திசை மட்டும்தான்: படத்தில் 325°, கணக்கில் 306°. 19 பாகை இடைவெளியை எந்த வரைதல் வழுவும் விளக்காது. முன்பு பருமன் காட்டிக்கொடுத்தது, இங்கே திசை காட்டிக்கொடுக்கிறது.

கூறுகள் சம்பந்தமாக இன்னொன்று. சிலர் இரண்டாவது அம்பைக் கூறுகளாகத் துணித்து அந்த இரண்டு கூறுகளையும் படத்திலேயே அம்பாக வரைவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் மூல அம்பையும் சங்கிலியில் விட்டுவிட்டுக் கூறுகளையும் சேர்த்தால் ஒரே இடப்பெயர்ச்சி இரண்டு தடவை கூட்டப்படும். கூறுகள் புள்ளிக் கோடாக இருக்கட்டும், அல்லது மூல அம்பைக் குறுக்காகச் சிறு கோடு போட்டு நீக்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் வரிசையை மாற்றுங்கள்

காவிக் கூட்டலில் வரிசை முக்கியமில்லை. மூன்றாவதை முதலில், இரண்டாவதை நடுவில், முதலாவதைக் கடைசியில் வரைந்தாலும் இறுதித் தலை அதே மேற்கே 8.8, வடக்கே 13.4 இல்தான் விழும். பாதை வேறு உருவத்தில் இருக்கும், முடிவு ஒன்றே.

மாணவரையே இதைச் செய்யவைப்பது மிக நல்ல சோதனை. கோணத்தை முந்திய அம்பிலிருந்து அளக்கும் பழக்கம் உள்ளவருக்கு, முந்திய அம்பு மாறியதும் கோணமும் மாறிவிடும், முடிவுப் புள்ளி வேறு எங்கேயோ போய்விடும். இரண்டு படத்திலும் முடிவுப் புள்ளி விலகினால் அவருக்கே பிழை தெரிந்துவிடும், நாம் சிவப்புப் பேனையால் எழுத வேண்டிய தேவை குறையும். ஆனால் நீளத்தை அளவிடைக்கு மாற்றியதில் பிழை இருந்தால் இந்தச் சோதனை அதைப் பிடிக்காது. 6.0 கி.மீ. ஐ 12 செ.மீ. க்குப் பதிலாக 10 செ.மீ. என்று எடுத்தவர் எந்த வரிசையில் வரைந்தாலும் அதே பிழையான இடத்துக்குத்தான் வருவார். அதற்கு அடிமட்டத்தை வைத்து ஒவ்வொரு அம்பின் நீளத்தையும் அளந்தே ஆக வேண்டும்.

எவ்வளவு விலகலை விடலாம்

புள்ளித் திட்டத்தில் 'விளையுள் ±2°' என்று எழுதி வைப்பது வழக்கம். நம் கணக்கில் அது பொருந்தும். 16 செ.மீ. விளையுளின் தலை 4 மி.மீ. குறுக்கே விலகினால் திசை 1.4° மாறும், அதை அளக்கும்போது இன்னும் அரைப் பாகை போகலாம். பருமனில் 15.6 செ.மீ. முதல் 16.4 செ.மீ. வரை, அதாவது 7.8 முதல் 8.2 கி.மீ. வரை ஏற்கலாம்.

ஆனால் அதே ±2° ஐ எல்லாக் கணக்குக்கும் கொண்டுபோகக் கூடாது. காவிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்து, விளையுள் 2 செ.மீ. மட்டுமே மிஞ்சுகிறது என்று வையுங்கள். கிட்டத்தட்டச் சமநிலையிலுள்ள மூன்று விசைகளில் இப்படித்தான் வரும். அங்கே அதே 4 மி.மீ. விலகல் திசையை 11° வரை திருப்பிவிடும். கவனமாக வரைந்த மாணவருக்குக் கூடத் திசை 8°, 9° தவறிப் போகலாம், அதற்காகப் புள்ளியை வெட்டுவது அநியாயம். இப்படிப்பட்ட படங்களில் பாகையை விட்டுவிடுங்கள். இறுதித் தலை விழ வேண்டிய இடத்தைக் கூறுகளிலிருந்து குறித்து, கவராயத்தால் அதைச் சுற்றி 4 மி.மீ. ஆரையில் ஒரு வட்டம் போடுங்கள். மாணவரின் தலை வட்டத்துக்குள் விழுந்தால் படம் சரி. வெளியே விழுந்தால் இடைத் தலைகளை ஒவ்வொன்றாக அளந்து, முதலில் விலகிய தலை எது என்று பார்த்து, அந்த அம்பின் அருகில் குறிப்பை எழுதுங்கள்.